இல்லாத இதய நோயைத் தேடி நான் செலவழித்த 69,000 ரூபாயும் இரண்டரை மாதமும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். மனநலக் குளிசை எடுக்கிறேன் என்பது என் வீட்டில்கூட எல்லோருக்கும் தெரியாது. ஆனால் அந்த மறைப்புத்தான் என்னை அலைய வைத்தது. மே மாதம் நடுப்பகுதியிலிருந்து ஜூலை முடியும் வரை எனக்கு இதயத்தில் ஏதோ பெரிய வருத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் போல மணிக்கூட்டில் எண்களைப் பார்த்துப் பயந்துகொண்டு, குளிசையை ஒளித்து வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால், எனக்குக் கிடைக்காத எச்சரிக்கை அவருக்காவது கிடைக்கட்டும்.

நான் மட்டக்களப்பில் ஒரு அரச அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். வயது 46. கணவர் கட்டாரில், மகள் உயர்தரம் படிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா போன பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அணைந்துபோனது போல இருந்தது. சமைப்பேன், வேலைக்குப் போவேன், வந்து சுவரைப் பார்த்தபடி இருப்பேன். கடைசியில் அலுவலகத்துத் தோழி ஒருத்தி கூட்டிக்கொண்டுபோய் அரச ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் விட்டாள். அங்கே பெப்ரவரியில் ஃப்ளூஒக்சிடின் 20 மில்லிகிராம் காலையில் ஒன்று என்று எழுதித் தந்தார்கள். மூன்று நான்கு கிழமையில் மெல்ல வெளிச்சம் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்தக் குளிசை எனக்கு உதவியது.

கிளினிக் கொப்பியை மட்டும் அலமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். வீட்டுக்கு யாராவது வந்து கண்டுவிட்டால் ‘இவவுக்கு மனசு சரியில்லையாம்’ என்று ஊர் முழுக்கக் கதை போய்விடும் என்ற பயம்.

மணிக்கூட்டுக் கதைக்கு வருகிறேன். டிசம்பரில் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு தந்தான். இரவு படுக்கும்போதும் கட்டியிருந்தால் ஓய்வு நாடித்துடிப்பையும், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று சொல்லுகிற எச்.ஆர்.வி என்ற ஒரு எண்ணையும் காலையில் போனில் காட்டும். கணக்குப் பகுதிக்காரி என்பதால் எண் என்றால் எனக்கு விட்டுவிட முடியாது. ஒரு சின்னக் கொப்பியில் தினமும் எழுதி வைத்தேன். ஜனவரியில் என் ஓய்வுத் துடிப்பு சராசரி 72, எச்.ஆர்.வி 38. ஃப்ளூஒக்சிடின் தொடங்கி மார்ச் வந்தபோது 69, 36. அதாவது பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் கொப்பிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது, ஆனால் இடையில் அதே கொப்பிதான் என்னைப் பைத்தியமாக்கவும் பார்த்தது.

மே மாதம் தூக்கம் குழம்பியது. மகளின் பரீட்சை, கணவரின் வேலைப் பிரச்சினை, அதோடு பின்மண்டையைக் கவ்விப் பிடிக்கிற தலையிடி. கிளினிக் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதனால் வீட்டுக்குக் கிட்ட உள்ள தனியார் டொக்டரிடம் போனேன். ‘வேறு மருந்து ஏதாவது பாவிக்கிறீங்களா?’ என்று கேட்டார். வெளியே வாங்கில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள், கதவு பாதி திறந்திருந்தது. ‘ஒண்டுமில்லை டொக்டர்’ என்றேன். அவர் தலையிடிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் இரவில் ஒன்று எழுதினார். இரண்டு கிழமை கழித்து, தூக்கம் வந்தது ஆனால் தலையிடி முழுதாகப் போகவில்லை என்று சொன்னதும் 50 ஆக்கினார். அவரில் நான் பிழை சொல்ல மாட்டேன். அவர் கேட்ட கேள்வி சரியானது, நான் சொன்ன பதில்தான் பிழை.

தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து எண்கள் மோசமாகத் தொடங்கின. துடிப்பு 69, 73, 77. 50 மில்லிகிராம் ஆனபிறகு ஜூன் முதல் கிழமையில் ஓய்வுத் துடிப்பு 88. எச்.ஆர்.வி 36இலிருந்து 24, 18, கடைசியில் 13. மணிக்கூட்டில் ஒவ்வொரு காலையும் சிவப்பு. ‘உடல் மீளவில்லை, மன அழுத்தம் அதிகம்’ என்று ஒரு வரி. நான் நன்றாகத் தூங்கி எழும்பிய நாளிலும் அதே வரி.

உடம்பிலும் மாற்றம் தெரிந்தது. வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனது. பேரேட்டில் உள்ள சிறிய எழுத்துகள் மங்கின, கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்தேன். இருந்து எழும்பும்போது தலை சுற்றியது. இவை ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். அது கச்சான் காற்று வீசுகிற காலம், வெக்கைக்குத் தண்ணி குடிக்காததால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தண்ணீர் குடித்தேன், இளநீர் குடித்தேன். வாய் காய்ந்தபடியே இருந்தது. படபடப்பு மட்டும் இதயம் என்று முடிவுகட்டிவிட்டேன். எங்கள் அப்பா மாரடைப்பில் போனவர்.

இரவு இரண்டு மணிக்கு விழித்தால் முதலில் மணிக்கூட்டைப் பார்ப்பேன். 86 என்று இருக்கும். பார்த்த பயத்திலேயே 97 ஆகும். அதைப் பார்த்து இன்னும் பயம். இப்படி எத்தனை இரவு மகளை எழுப்பாமல் குசினியில் தனியாக இருந்து விடியவைத்தேன் என்று எனக்கு எண்ணிக்கை இல்லை. கணவருக்குச் சொன்னால் அங்கே வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று அவருக்கும் சொல்லவில்லை.

பிறகு தொடங்கியது பரிசோதனை. மட்டக்களப்பில் தனியாராக ஒரு இதய நிபுணரைக் கண்டேன். இ.சி.ஜி, தைரொயிட், இரத்தச்சோகை, சீனி எல்லாவற்றுக்கும் இரத்தம், எக்கோ ஸ்கேன். துடிப்பு வேகம், மற்றபடி எல்லாம் நல்லது என்றார். அவரும் கேட்டார், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று. இந்த முறை மகள் பக்கத்தில் இருந்தாள். திரும்பவும் ஒண்டுமில்லை. தலையிடிக்கு என்று வாங்கியதை ‘மருந்து’ என்ற கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை, ஃப்ளூஒக்சிடினை வேண்டுமென்றே மறைத்தேன். அந்தப் பரிசோதனைகளுக்கு மட்டும் 21,500 ரூபாய்.

நல்லது என்று சொன்னதை நான் நம்பவில்லை. எண் 13 என்று நிற்கும்போது எப்படி நல்லதாக இருக்க முடியும்? உதயதேவியில் மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு நிபுணர், ஓடும் பட்டியில் நடக்கவைத்து ஒரு இ.சி.ஜி, நெஞ்சில் கம்பிகளை ஒட்டி 24 மணித்தியாலம் கொண்டு திரிகிற ஹோல்டர் பரிசோதனை. அதற்கு 28,500. பயணம், தங்குமிடம், சாப்பாடு 19,000. ஆகமொத்தம் 69,000. மகளின் வகுப்புக் காசுக்கு ஒதுக்கி வைத்ததிலிருந்துதான் எடுத்தேன். ஹோல்டர் முடிவில் சராசரித் துடிப்பு 91, ஒழுங்கற்ற துடிப்பு எதுவும் இல்லை, துடிப்பின் ஏற்ற இறக்கம் குறைவு என்று ஒரு வரி. ‘இதயத்தில் ஒரு பிழையும் இல்லை, யோசிக்காதீங்க’ என்று அனுப்பினார். திரும்பி வரும் ரயிலில் எனக்கு அழுகைதான் வந்தது. கண்டுபிடிக்க முடியாத வருத்தம் என்றுதான் எனக்கு அர்த்தமானது.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு மருந்துக்கடையில். ஜூலை கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் ஃப்ளூஒக்சிடின் இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். அதுவரை ஒன்றை ஆஸ்பத்திரியில் இலவசமாகவும் மற்றதைக் கடையிலும் எடுத்ததால் இரண்டு துண்டையும் ஒன்றாகப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு இரண்டையும் ஒரே மேசையில் வைத்தேன். அங்கே நின்ற பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு துண்டைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். ‘அக்கா, இது ரெண்டும் ஒண்டா எடுக்கிறீங்களா? ரெண்டு டொக்டருக்கும் தெரியுமா? இது மற்றதின்ர அளவை இரத்தத்தில கூட்டும். நெஞ்சு படபடக்குதா?’

வீட்டுக்கு வந்து அமிட்ரிப்டிலின் போட்டுத் தந்த பழைய கடதாசி உறைகளைத் தேடி எடுத்தேன். மேலே நீலப் பேனையால் ‘இரவு 1’, பக்கத்தில் தேதி. மே 12. அடுத்தது மே 26, ‘இரவு 2’. என் எண் கொப்பியைப் பக்கத்தில் விரித்தேன். அலுவலகத்தில் மாதா மாதம் வங்கிக் கூற்றையும் காசுப் புத்தகத்தையும் வரி வரியாகப் பொருத்திப் பார்க்கிறவள் நான். மே 12க்குப் பிறகு ஒரு சரிவு. மே 26க்குப் பிறகு இன்னொரு சரிவு. இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின. இரண்டரை மாதமாக அந்தத் தேதிகள் என் அலமாரியிலேயே இருந்திருக்கின்றன.

இந்த இடத்தில் நான் இரண்டாவது பெரிய பிழையைச் செய்தேன். அன்றிரவே இரண்டு குளிசையையும் ஒரேயடியாக நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. எண்கள் உடனே நல்லதாகத் தொடங்கின. ஒரு கிழமையில் 88 இலிருந்து 76, எச்.ஆர்.வி 13 இலிருந்து 27. மணிக்கூடு பச்சை காட்டியது. ஆனால் எனக்கு வயிற்றைப் புரட்டியது, வியர்த்தது, கண்ணை மூடினால் பயங்கரமான கனவு, தூக்கமே இல்லை. அதுவாவது பத்து நாளில் அடங்கியது. மூன்றாம் கிழமையில் பழைய இருட்டு திரும்பி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, மணிக்கூட்டில் எச்.ஆர்.வி 34, ‘சிறப்பாக மீண்டுள்ளீர்கள்’ என்று வந்திருந்தது. அந்த நேரம் நான் பல் தீட்ட எழும்பவும் மனமில்லாமல் கட்டிலில் கிடந்தேன். அந்த எண் என் நலத்தை அளக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை கொப்பியைச் சேலைகளுக்குக் கீழிருந்து எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் கோபப்படவில்லை. முதல் கேட்டது என்ன தெரியுமா? ‘அந்த நேரம் வாய் காய்ந்ததா?’ ஓம் என்றேன். ‘மலச்சிக்கல்? கிட்டத்து எழுத்து மங்கல்? எழும்பேக்க தலைச்சுற்று?’ எல்லாவற்றுக்கும் ஓம். எண் கொப்பியைப் பார்க்க முதலே அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.

இதயத்தை அதன் பாட்டில் விட்டால் என் வயதில் நிமிடத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் துடிக்குமாம். அதை எழுபதில் பிடித்து வைத்திருப்பது மூளையிலிருந்து இறங்கி வருகிற வேகஸ் என்ற நரம்பு. கல்லடிப் பாலத்து இறக்கத்தில் சைக்கிளில் வரும்போது பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் வருவோமே, அந்தக் கை மாதிரி. மூச்சை உள்ளே இழுக்கும்போது பிரேக் கொஞ்சம் தளரும், துடிப்பு வேகமாகும். விடும்போது இறுகும், துடிப்பு மெதுவாகும். அதனால் ஆரோக்கியமான இதயம் கடிகாரம் போல ஒரே சீராக அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் 810 மில்லிசெக்கன், அடுத்தது 850, பிறகு 825, 870 என்று மாறிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த இடைவெளிகளுக்குள் உள்ள வித்தியாசம் 40, 25, 45. இந்த வித்தியாசங்களை வைத்து ஒரு வகைச் சராசரி எடுப்பதுதான் பல மணிக்கூடுகள் இரவில் காட்டுகிற எச்.ஆர்.வி.

அந்த நரம்பு இதயத்தோடு பேசுவது அசெட்டைல்கோலின் என்ற இரசாயனத்தால். அமிட்ரிப்டிலினும் அதன் குடும்பத்து இமிப்ரமின், க்ளோமிப்ரமின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளும் அந்த இரசாயனம் வந்து உட்காருகிற இடத்தை அடைத்துவிடுகின்றன. பிரேக் கம்பி தளர்ந்துபோகிறது. துடிப்பு மேலே போகும், அதோடு ஒரே சீராகவும் ஆகும். 682 மில்லிசெக்கன், 698, 686, 675. வித்தியாசம் 16, 12, 11. எண் 13க்கு விழுந்தது இப்படித்தான். துடிப்பு வேகமாகி இடைவெளிகள் குறுகும்போது வித்தியாசங்களும் கூடவே குறுகும் என்பதால், உண்மையில் நடந்ததைவிட அந்த எண் இன்னும் மோசமாகத் தெரியும். எச்சில் சுரப்பதும், குடல் அசைவதும், கண் கிட்டத்தைக் குவிப்பதும் அதே இரசாயனத்தால்தான். ஆகவே வாய் காய்வதும் துடிப்பு ஏறுவதும் ஒரே கதையின் இரண்டு பக்கம். எழும்பும்போது தலை சுற்றியது வேறு வழியால்: இரத்தக் குழாய் சுருங்க உதவுகிற சமிக்ஞையையும் அந்தக் குளிசை தடுக்கிறது, அதனால் எழும்பும்போது பிரஷர் இறங்கும்.

சரி, 50 மில்லிகிராம் அப்படிப் பெரிய அளவு இல்லையே என்று கேட்டேன். அங்கேதான் ஃப்ளூஒக்சிடின் வருகிறது. அமிட்ரிப்டிலினை ஈரலில் உடைக்கிற நொதிகளில் முக்கியமான ஒன்றை ஃப்ளூஒக்சிடின் அமத்திவிடும். குடிக்கிறது 50 என்றாலும் இரத்தத்தில் அதைவிடக் கூடிய அளவு குடித்தது போலத் தேங்கும். ஃப்ளூஒக்சிடின் உடம்பை விட்டுப் போகவும் கிழமைக்கணக்கில் எடுக்கும் என்பதால், அதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தாலும் இதைக் கவனிக்கவேண்டுமாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று இல்லை, தெரிந்து, அளவைக் குறைத்து, இ.சி.ஜி பார்த்துக் கொடுப்பார்கள். தெரியாமல் சேர்ந்ததுதான் என் பிரச்சினை. அந்தக் குளிசை இரத்தத்தில் மிகவும் கூடினால் இதயத்தின் மின்னோட்டத்தையே தாமதப்படுத்தக்கூடியது. நல்லகாலம் என் பழைய இ.சி.ஜிகளில் வேகம் தவிர வேறு ஒன்றும் இல்லை. டொக்டர் அவற்றை எடுத்து சின்னச் சதுரங்களை எண்ணி அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

எல்லா மனநலக் குளிசையும் இப்படிச் செய்யாது என்பதை வாசிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃப்ளூஒக்சிடின், சேர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் வகையில் துடிப்பு கொஞ்சம் இறங்கலாம், எச்.ஆர்.வியில் பெரும்பாலும் சிறிய மாற்றந்தான். அதிலும் சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் இரண்டும் அளவு கூடும்போது இ.சி.ஜியில் ஒரு இடைவெளியை நீட்டக்கூடியவை, அதை மணிக்கூடு காட்டாது, இ.சி.ஜிதான் காட்டும். வென்லஃபக்சின் துடிப்பையும் பிரஷரையும் கூட்டலாம். பதகளிப்புக்குத் தருகிற ப்ரொப்ரனொலோல் நேர்மாறு. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கூட்டத்தில் பேசப் பயந்து அதை எடுக்கிறார், அவருடைய மணிக்கூட்டில் துடிப்பு 58, எச்.ஆர்.வி நல்ல உயரம். அதற்காக அவருக்குப் பதகளிப்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை, குளிசை இதயத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஓடினாலும் துடிப்பு வழமைபோல ஏறாது, அதனால் உடற்பயிற்சிக்கு மணிக்கூடு சொல்லுகிற இலக்கு அவருக்குப் பொருந்தாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது, யாராவது ‘என்னட்ட இருக்கு, ஒண்டு போட்டுப் பாருங்க’ என்றால் வாங்கவேண்டாம்.

மனச்சோர்வு இந்த எண்ணைக் குறைக்கிறதா, மருந்து குறைக்கிறதா என்பது ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இழுபறியாக இருந்த கேள்வியாம். 2008இல் வெளியான நெதர்லாந்தின் பெரிய ஆய்வொன்று, மனச்சோர்வு உள்ளவர்களிடம் கண்ட குறைவுக்குப் பெரும்பாலும் மருந்தே காரணம் என்றது. மருந்தே எடுக்காதவர்களிடமும் குறைவு இருப்பதை வேறு ஆய்வுகள் காட்டின. இரண்டும் கலந்துதான் ஒருவருடைய மணிக்கூட்டில் விழுகிறது. அதைப் பிரித்துப் பார்க்கிற அறிவு மணிக்கூட்டுக்கு இல்லை. நாம் என்ன குளிசை விழுங்கினோம் என்று அதற்குத் தெரியாது. துடிப்பு சீராக அடித்தால் ‘அழுத்தம்’ என்று எழுதும், அவ்வளவுதான்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். புதுக் குளிசை தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் அந்தத் தேதியை எண் கொப்பியில் சிவப்பால் எழுதுகிறேன். தொடங்குவதற்கு முன் இரண்டு கிழமை எண்கள் கையில் இருந்தால் நல்லது, பிறகு வருகிறதை அதோடுதான் ஒப்பிட வேண்டும். அடுத்தவருடைய எண்ணோடு ஒப்பிடுவதில் பயனே இல்லை, ஒரே வயதுக்காரர்களிடம்கூட 20ம் இருக்கும் 60ம் இருக்கும். ஒரு நாள் எண்ணையும் பார்ப்பதில்லை, ஏழு நாள் சராசரி எடுக்கிறேன். காய்ச்சல், வெக்கை, இரவு பிந்திய சாப்பாடு, மாதவிடாய்க்கு முந்திய நாட்கள் எல்லாம் அதை ஆட்டும். இரவில் விழித்து மணிக்கூட்டைப் பார்க்கிற பழக்கத்தை நிறுத்த, படுக்கும்போது திரை எரியாதபடி மாற்றிவிட்டேன். துடிப்பு ஏறினால் கூட வேறென்ன வந்தது என்று பார்க்கிறேன்: வாய், வயிறு, கண், எழும்பும்போது தலை. இவையும் சேர்ந்தால் குளிசையைச் சந்தேகிக்கலாம், ஆனால் குளிசையை நிறுத்தக்கூடாது, எழுதிக்கொண்டு டொக்டரிடம் போகவேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், துடிப்பு விட்டு விட்டு ஒழுங்கில்லாமல் அடித்தால், சும்மா இருக்கும்போதே 120க்கு மேல் நின்று இறங்காவிட்டால் கிளினிக் தேதியைப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குளிசை உறைகளையும் கையோடு கொண்டு போங்கள். இதயத்தைப் பரிசோதித்தது வீண் என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்த குடும்பத்தில் ஒரு இ.சி.ஜியும் இரத்தப் பரிசோதனையும் தேவைதான். குளிசை விஷயத்தைச் சொல்லியிருந்தால் அதோடு நின்றிருக்கும், கொழும்புக்குப் போயிருக்கவே தேவையில்லை.

கூட ஆளிருக்கும்போது சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். குளிசைகளின் பெயரை ஒரு துண்டில் எழுதி, வாய் திறக்காமல் டொக்டரின் மேசையில் வையுங்கள். அலோபதி, ஆயுள்வேதம், தலையிடிக்கு வாங்கியது, தூக்கத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்கியது எல்லாவற்றையும் எழுதுங்கள். போன மாதம் பல் டொக்டரிடம் நான் அப்படித்தான் செய்தேன். அவர் வாசித்துவிட்டுத் துண்டை மடித்துத் திருப்பித் தந்தார், ஒரு கேள்வியும் இல்லை.

டொக்டர் ஃப்ளூஒக்சிடினை மட்டும் திரும்பத் தொடங்கினார். அமிட்ரிப்டிலின் எனக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. அது கெட்ட குளிசை என்று அர்த்தமில்லை, அதே கிளினிக்கில் நரம்பு வலிக்கு 10 மில்லிகிராமில் எடுத்து நிம்மதியாக இருக்கிற ஒரு அம்மாவோடு வாங்கில் இருந்து கதைத்திருக்கிறேன். தலையிடிக்குக் காரணம் பாதி என் கண்ணாடி, பாதி கழுத்தைக் குனிந்து வேலை செய்வது என்று பிறகு தெரிந்தது. ஒக்டோபரில் என் ஏழு நாள் சராசரி 70, எச்.ஆர்.வி 33. இருட்டும் மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. கணவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இதை ஏன் தனியாச் சுமந்தனீர்’ என்று மட்டும் கேட்டார். கிளினிக் கொப்பி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அடுத்த தேதி பதினெட்டாம் திகதி, அன்றைக்கு மகளும் வருகிறேன் என்றிருக்கிறாள்.